733 புள்ளி ஏறியும் நஷ்டம்: 2024 தேர்தல் வாரத்தில் ஒரு நிஃப்டி ஸ்ட்ராடில்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. சனிக்கிழமை மாலை வெளியான வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகள், ஆளுங்கட்சிக் கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்று சொல்லியிருந்தன. அன்று நிஃப்டி ஒரே நாளில் 733 புள்ளி ஏறி 23,263.90-இல் முடிந்தது. ஏற்றம் 3.25 சதவீதம். வெள்ளிக்கிழமை மாலை, குறியீடு ஏறினால் பலன் தரும் கால், இறங்கினால் பலன் தரும் புட் இரண்டையும் ஒரே ஸ்டிரைக்கில், அதாவது ஒரே ஒப்பந்த விலையில் வாங்கி வைத்தவருக்கு இது கொண்டாட்ட நாளாக இருந்திருக்க வேண்டும். "எந்தப் பக்கம் போனாலும் சரி, பெரிதாகப் போனால் போதும்" என்பதுதானே ஸ்ட்ராடில் வாங்குபவரின் எதிர்பார்ப்பு? பெரிதாகத்தான் போனது. ஆனால் மாத எக்ஸ்பயரி ஸ்ட்ராடிலின் மதிப்பு அன்று மாலை, வாங்கிய விலையைவிடக் குறைவு.

சந்தை பலமாக அசைந்த அன்றே அசைவுக்காகப் பணம் கட்டியவர் ஏன் தோற்றார் என்பதற்கு விடை வேகாவில், அதாவது சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு மாறும்போது ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்பதில் இருக்கிறது. மே 31 முதல் ஜூன் 5 வரையிலான நான்கு சந்தை நாட்களில் வேகா இரு திசையிலும் வேலை செய்தது. அதனால் இந்த வாரத்தை ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

கணக்கின் அடிப்படை

இங்கே நிஃப்டியின் அளவுகளும் இந்தியா விக்ஸ் அளவுகளும் அந்தந்த நாளின் முடிவு நிலவரம். ஆப்ஷன் விலைகள் சந்தையில் வர்த்தகமான விலைகள் அல்ல. பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில், வட்டியைப் பூஜ்யமாக வைத்து, அன்றைய இந்தியா விக்ஸையே ஐ.வி.யாக, அதாவது ஆப்ஷன் விலைக்குள் அடங்கியிருக்கும் எதிர்பார்ப்பு வாலட்டிலிட்டியாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டவை. இந்தியா விக்ஸ் அடுத்த 30 நாட்களுக்கான எதிர்பார்ப்பைக் காட்டுவது. ஜூன் 27-இல் முடியும் மாத ஆப்ஷனுக்கு மே 31 அன்று 27 நாள் இருந்ததால் அதை வைத்துக் கணக்கிடுவது பெரிய பிழையாகாது. நிஜச் சந்தையில் புட்டுக்கு ஒரு ஐ.வி., காலுக்கு வேறு ஐ.வி. இருக்கும். ஆகையால் விலைகள் சற்று மாறும், ஆனால் கதை மாறாது.

மே 31 மாலை நிஃப்டி 22,530.70, விக்ஸ் 24.60. ஸ்டிரைக் 22,550. கால் 592, புட் 611, இரண்டும் சேர்ந்து 1,203 புள்ளி. அப்போது நிஃப்டியின் ஒரு லாட் 25. எனவே ஒரு ஸ்ட்ராடிலுக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய்.

சூத்திரத்தைத் திறக்காமலேயே இந்த விலையைச் சரிபார்க்கலாம். ஸ்டிரைக்கும் குறியீடும் ஒட்டி இருக்கும்போது ஸ்ட்ராடில் விலை கிட்டத்தட்ட இதுதான்:

```
விலை ≈ 0.8 × S × σ × √T
0.8 × 22,540 × 0.246 × √(27/365) ≈ 1,206
```

இந்த ஒரு வரியிலேயே வேகாவும் ஒளிந்திருக்கிறது. விலை, ஐ.வி.க்கு நேர் விகிதத்தில் நிற்கிறது. ஆக, விலையை ஐ.வி.யால் வகுத்தால் ஒரு வாலட்டிலிட்டி புள்ளிக்கு எவ்வளவு ஏறி இறங்கும் என்பது கிடைத்துவிடும். 1,203-ஐ 24.6-ஆல் வகுத்தால் 49. ஐ.வி. 24.6-லிருந்து 23.6 ஆனால், நிஃப்டி அசையாமலே ஸ்ட்ராடில் 49 புள்ளி இழக்கும். இதையே இன்னொரு விதமாகச் சொன்னால், ஐ.வி. கால் பங்கு குறைந்தால் கட்டிய பிரீமியத்திலும் கால் பங்கு போய்விடும். கால் மட்டும் அல்லது புட் மட்டும் வாங்கியவருக்கும் வேகா உண்டு. ஸ்ட்ராடில் வாங்கியவருக்கு அது இரட்டிப்பு. திசையைப் பற்றிய கருத்து எதுவும் இல்லாததால், தொடக்கத்தில் அவர் கையில் இருப்பது அசைவின் மீதும் ஐ.வி.யின் மீதும் கட்டிய பந்தயம்தான்.

ஜூன் 3: ஏறியது குறியீடு, இறங்கியது விலை

திங்கள் மாலை விக்ஸ் 20.94. வெள்ளியிலிருந்து 3.66 புள்ளி சரிவு. முடிவு தெரியும் முன்னரே முடிவு தெரிந்துவிட்டதுபோல் சந்தை நடந்துகொண்டது. அச்சம் குறைந்தால் ஆப்ஷன் விலையும் மெலியும்.

கணக்கை மூன்று படிகளாக ஓட்டிப் பார்க்கலாம். முதலில் நிஃப்டி மட்டும் 23,264-க்குப் போகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன என்று வைத்தால் ஸ்ட்ராடில் 1,353. அசைவு தந்தது 150 புள்ளி. 733 புள்ளி ஏற்றத்துக்கு 150 தானா என்று கேட்கத் தோன்றும். தொடக்கத்தில் கால் அரைவாசி வேகத்தில் ஏற, புட் அதே வேகத்தில் இறங்கும். ஒன்றின் லாபத்தை மற்றது தின்றுவிடும். ஸ்டிரைக்கை விட்டு விலக விலகத்தான் ஒரு பக்கம் மிஞ்சத் தொடங்கும்.

அடுத்து மூன்று நாட்காட்டி நாட்கள் கழிகின்றன. 1,353 என்பது 1,291 ஆகிறது. தீட்டா, அதாவது நாட்கள் கழிவதால் வரும் தேய்மானம், எடுத்துக்கொண்டது 62. கடைசியாக ஐ.வி.யை 24.60-லிருந்து 20.94-க்கு இறக்கினால் 1,291 என்பது 1,142 ஆகிறது. வேகா எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 148.

அசைவு கொடுத்த 150-ஐ வேகா ஒன்றே துடைத்தெடுத்துவிட்டது. தீட்டாவின் 62 முழு நஷ்டமாக நின்றது. லாட்டுக்கு 1,500 ரூபாய்ச் சொச்சம். பெரிய தொகை அல்லதான். ஆனால் அரிதாக வரும் ஒரு நாள் ஏற்றத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று மாலை கணக்கு சமமாக நிஃப்டி இன்னும் 125 புள்ளி ஏறியிருக்க வேண்டும். அதாவது மொத்தம் 3.8 சதவீதம்.

வேகாவின் இழப்பை 3.66 × 49 என்று போட்டால் 179 வரும், 148 வராது. வித்தியாசத்துக்குக் காரணம், வேகா நிலையான எண் அல்ல என்பது. குறியீடு ஸ்டிரைக்கை விட்டு விலகினால் அது குறையும், நாட்கள் குறைந்தாலும் குறையும். திங்கள் மாலை அது 40 அளவுக்கு வந்துவிட்டது. வாங்கிய நாளின் வேகாவை வைத்துக்கொண்டே வாரம் முழுவதும் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஜூன் 4: அதே தூரம், வேறு விலை

செவ்வாய் வாக்கு எண்ணிக்கை. கணிப்புகள் பொய்த்தன. பா.ஜ.க. 240 இடங்களில் நின்றது, தனிப் பெரும்பான்மைக்கு 272 வேண்டும். கூட்டணி 293 பெற்றது. நிஃப்டி இடையில் 21,281 வரை விழுந்து, 21,884.50-இல் முடிந்தது. ஒரே நாளில் 1,379 புள்ளி, 5.93 சதவீத வீழ்ச்சி. விக்ஸ் இடையில் 31-ஐத் தாண்டி, 26.75-இல் முடிந்தது.

அன்று மாலை ஸ்ட்ராடில்: கால் 321, புட் 986, மொத்தம் 1,307.

திங்களையும் செவ்வாயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திங்களன்று குறியீடு ஸ்டிரைக்கிலிருந்து 714 புள்ளி தள்ளி இருந்தது, ஸ்ட்ராடில் 1,142. செவ்வாயன்று 666 புள்ளிதான் தள்ளி இருந்தது, ஒரு நாளும் கழிந்துவிட்டது, ஆனாலும் ஸ்ட்ராடில் 1,307. குறைந்த தூரம், குறைந்த காலம், ஆனால் 165 புள்ளி அதிக விலை. அந்த 165-க்கும் ஐ.வி. 20.94-லிருந்து 26.75 ஆனதே காரணம். வேகாவின் பலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒரு ஜோடி நாட்கள் அரிது.

பங்குக் குறியீடுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கும்போது ஐ.வி. ஏறும், ஏறும்போது பெரும்பாலும் இறங்கும். ஆகவே நிஃப்டியில் ஸ்ட்ராடில் வாங்கியவருக்கு இரு திசையும் ஒன்றல்ல. கீழே போனால் அசைவும் வேகாவும் ஒரே பக்கம் இழுக்கும். மேலே போனால் அசைவு கொடுப்பதை வேகா பிடுங்கும். "ஸ்ட்ராடிலுக்குத் திசை கிடையாது" என்ற பாடம் பாதி உண்மைதான்.

நாளின் அடிமட்டத்தில் குறியீடு 21,281, ஐ.வி. 31-க்கு மேல் என்று இரண்டும் ஒரே நொடியில் அமைந்திருந்தால் கணக்கு ஏறத்தாழ 1,740 காட்டும். ஆனால் அந்த விலை திரையில் தெரிந்தாலும் கையில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. அப்படிப்பட்ட நேரங்களில் வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடைவெளி விரிந்துவிடும். ஆழத்தில் கிடக்கும் புட்டை மார்க்கெட் ஆர்டரில் விற்றால் இருபது முப்பது புள்ளி காணாமல் போவது சாதாரணம். லிமிட் ஆர்டர் போட்டு, காலையும் புட்டையும் தனித்தனியாக விற்பதே பாதுகாப்பு. அதிலும் பணம் பெரும்பாலும் இருக்கும் புட்டை முதலில்.

ஜூன் 5: காற்று இறங்கியது

புதன்கிழமை கூட்டணி ஆட்சி அமையும் என்பது உறுதியானது. நிஃப்டி 736 புள்ளி ஏறி 22,620.35. விக்ஸ் ஒரே நாளில் 18.89-க்கு விழுந்தது. ஸ்ட்ராடில் 838.

| நாள் முடிவு | நிஃப்டி | விக்ஸ் | ஸ்ட்ராடில் |
|---|---|---|---|
| மே 31 | 22,530.70 | 24.60 | 1,203 |
| ஜூன் 3 | 23,263.90 | 20.94 | 1,142 |
| ஜூன் 4 | 21,884.50 | 26.75 | 1,307 |
| ஜூன் 5 | 22,620.35 | 18.89 | 838 |

ஒரே நாளில் 469 புள்ளி இழப்பு. அதில் குறியீடு ஸ்டிரைக்குக்குத் திரும்பியதாலும் ஒரு நாள் கழிந்ததாலும் போனது சுமார் 122. மீதி 347 முழுக்க ஐ.வி. சரிவு. குறியீடு மறுபடி ஸ்டிரைக்குக்கு அருகே வந்ததால் வேகாவும் முழு பலத்துக்கு வந்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில் ஐ.வி. எட்டுப் புள்ளி விழுந்தது. ஸ்ட்ராடில் வாங்கியவருக்கு வரக்கூடிய மோசமான சேர்க்கை இதுதான்: பெரிய அசைவு, ஆனால் வீட்டுப் பக்கமாகத் திரும்பி வரும் அசைவு, கூடவே நிச்சயமின்மை தீர்ந்துபோதல்.

மூன்று சந்தை நாட்களில் நிஃப்டி 733 ஏறி, 1,379 இறங்கி, 736 ஏறியது. அத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் ஸ்ட்ராடில் 30 சதவீதம் குறைவு.

விலை அதிகமா இருந்தது?

இங்கே பலர் "ஐ.வி. அதிகமாக இருந்தபோது வாங்கியதே தவறு" என்று முடித்துவிடுவார்கள். அது சரியான தீர்ப்பு என்று சொல்ல முடியாது. 24.60 என்பது 27 நாளுக்கான சராசரி. தேர்தல் இல்லாத சாதாரண நாட்களுக்கு ஆண்டுக்கு 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாலட்டிலிட்டியை நேரடியாகக் கூட்டக் கூடாது, அதன் வர்க்கத்தைத்தான் கூட்ட வேண்டும். 27 நாளின் மொத்த வர்க்கத்திலிருந்து 25 சாதாரண நாட்களின் பங்கைக் கழித்து, மிஞ்சியதை ஜூன் 3, ஜூன் 4 ஆகிய இரு நாட்களுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்குச் சுமார் 4 சதவீத அசைவு என்று வருகிறது:

```
0.246² × 27/365          = 0.00448
0.14²  × 25/365          = 0.00134
√((0.00448 − 0.00134)/2) ≈ 0.04
```

நடந்தது 3.25 மற்றும் 5.93 சதவீதம். சந்தை கேட்ட விலைக்கு மேலாகவே குறியீடு ஆடியது. விலை மலிவாகத்தான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். நஷ்டத்துக்குக் காரணம், கையில் எடுத்துக்கொள்ளாமல் விட்டது. ஸ்ட்ராடிலை வாங்கிச் சும்மா வைத்திருப்பவருக்குக் கிடைப்பது போய்ச் சேர்ந்த தூரம் மட்டும். போய் வந்த வழியின் நீளம் கிடைக்காது. ஒவ்வொரு நாள் முடிவிலும் டெல்டாவை, அதாவது குறியீடு ஒரு புள்ளி அசைந்தால் ஸ்ட்ராடில் எவ்வளவு அசையும் என்ற அளவை, சமன் செய்பவருக்கே வழியும் காசாகும்.

இரண்டு லாட், அதாவது 50 ஸ்ட்ராடில் வைத்திருந்தவரைப் பார்ப்போம். முதலீடு 60,150 ரூபாய். திங்கள் மாலை ஸ்ட்ராடிலின் டெல்டா 0.456. 50-க்கு 22.8. ஒரு நிஃப்டி ஃபியூச்சர் லாட் 25. அதை விற்றால் கிட்டத்தட்டச் சமன். செவ்வாய் 1,379 புள்ளி விழுந்ததும் அந்த ஒரு லாட்டில் 34,485 ரூபாய் லாபம், ஃபியூச்சரும் குறியீடும் ஒன்றாக அசைந்ததாக வைத்து. செவ்வாய் மாலை டெல்டா மைனஸ் 0.32. 50-க்கு மைனஸ் 16. விற்ற லாட்டை மூடி, ஒரு லாட் வாங்கி வைத்தால் புதன்கிழமை 736 புள்ளிக்கு 18,396 ரூபாய். ஸ்ட்ராடிலில் மொத்த நஷ்டம் 18,250 அளவு. நிகரம் ஏறத்தாழ 34,600 ரூபாய் லாபம்.

நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்வதல்லவா இது என்ற சந்தேகம் நியாயம். செவ்வாயன்று வீழ்ச்சிக்குப் பதிலாக அதே 1,379 புள்ளி ஏற்றம் வந்திருந்தால்? நிஃப்டி 24,643. விற்ற ஃபியூச்சரில் 34,485 நஷ்டம். ஆனால் 22,550 கால் குறைந்தது 2,093 ஆகியிருக்கும். ஐ.வி. எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே போகாது. 1,142-லிருந்து 2,093 என்றால் 50-க்கு 47,550. அப்போதும் 13,000 ரூபாய் மிச்சம். குறியீடு அதிகம் அசையாமல் நின்றிருந்தால்தான் அடி: அசைவின் லாபமும் இல்லை, வேகாவும் தின்றிருக்கும். ஒரே ஒரு லாட் வைத்திருப்பவருக்கு இந்த வழி சரிவராது. 11.4 டெல்டாவுக்கு எதிராக 25 விற்றால் அது சமன் செய்வதல்ல, எதிர்த் திசையில் பந்தயம் கட்டுவது. ஃபியூச்சருக்கான மார்ஜினும் கணக்கில் தயாராக இருக்க வேண்டும்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

நிகழ்வுக்கு முந்தைய மாலையில் பார்க்க வேண்டிய எண், பிரேக் ஈவன் என்று திரை காட்டுவது அல்ல. 22,550-க்கு மேலும் கீழும் 1,203 என்பது எக்ஸ்பயரி நாளுக்கான எல்லை. நிகழ்வு முடிந்த மறுநாள் விற்க நினைப்பவருக்கு அது உதவாது. அவர் நிகழ்வுக்குப் பிந்தைய ஐ.வி.யை ஊகித்து, அதே ஸ்ட்ராடிலை மறுபடி விலை போட வேண்டும்.

ஜூன் 4 மாலை ஐ.வி. 15-க்கு வந்துவிடும் என்று ஊகித்தால், 23 நாள் மிச்சம் வைத்து, குறியீடு அசையாத நிலையில் ஸ்ட்ராடில் 677. ஆக, 1,203-இல் 526 புள்ளி நிகழ்வுக்காகக் கட்டிய கட்டணம். அதை மீட்க ஸ்டிரைக்கிலிருந்து 1,100 புள்ளிக்கும் மேல், ஐந்து சதவீதம் போல, ஒரே பக்கமாக விலக வேண்டும். இந்த எண் மனத்துக்கு ஏற்புடையதாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வாங்காமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

வார ஆப்ஷன் வாங்கினால் வேகாவிலிருந்து தப்பலாம் என்ற எண்ணமும் உண்டு. மே 31 அன்று, ஜூன் 6 எக்ஸ்பயரி ஸ்ட்ராடிலின் வேகா புள்ளிக்கு 23 அளவுதான், மாத ஆப்ஷனில் பாதிக்கும் குறைவு. ஆனால் நிகழ்வின் எடை முழுவதும் ஆறு நாளுக்குள் திணிக்கப்படுவதால் அதன் ஐ.வி. மிக உயரத்தில் நிற்கும், விழும்போதும் அத்தனை புள்ளி விழும். வேகா சிறியது, சரிவு பெரியது.

இன்னொரு பொறி, முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு. 2024 ஏப்ரல் 23 அன்று விக்ஸ் 10.20 வரை விழுந்திருந்தது. பிறகு மே மாதத்தில் 20-ஐத் தாண்டியது. "பத்தில் வாங்கி இருபதில் விற்றிருக்கலாமே" என்று பின்னால் பேசப்பட்டது. ஆனால் ஏப்ரல் 23-இல் விக்ஸ் பார்த்த 30 நாள் மே 23-இல் முடிந்துவிடும். ஜூன் 4 அதற்குள் வரவே இல்லை. முடிவு நாள் எது என்பது மார்ச் 16 முதலே எல்லோருக்கும் தெரியும், ஆகவே ஜூன் எக்ஸ்பயரி ஆப்ஷனின் விலையில் தேர்தல் ஏற்கெனவே ஏறியிருந்தது. மே முதல் வாரத்தில் ஜூன் 4 அந்த 30 நாள் சாளரத்துக்குள் நுழைந்ததும் விக்ஸ் ஏறியதில் ஒரு பங்கு வெறும் நாட்காட்டியின் வேலை. வேகாவை நம்பி முன்கூட்டி வாங்குபவர் விக்ஸைப் பார்க்கக் கூடாது. தாம் வாங்கப்போகும் எக்ஸ்பயரியின் ஐ.வி.யைத்தான் ஆப்ஷன் செயினில் பார்க்க வேண்டும்.

இனி, ஜூன் 5-இல் 838-க்கு விற்காமல் வைத்திருந்தவர் கதை. எக்ஸ்பயரி நெருங்க நெருங்க வேகா கரைந்து, கடைசி நாளில் பூஜ்யமாகிவிடும். பிறகு ஐ.வி. என்னவாக இருந்தாலும் ஒன்றுமில்லை, தூரம் மட்டுமே பேசும். ஜூன் 27 அன்று நிஃப்டி 24,044.50-இல் முடிந்தது. 22,550 காலின் மதிப்பு 1,494, புட் பூஜ்யம். 1,203 கொடுத்தவருக்கு 291 புள்ளி லாபம். இடையில் அவர் கணக்கில் 365 புள்ளி சிவப்பாகத் தெரிந்த நாளில் விக்ஸ் 18.89.